பலகையில் "8 பேர்" என்று மட்டும் இருந்தால்: மின்தூக்கியின் பாரத்தைக் கிலோகிராமில் அறியும் முறை

மலையகத்து நகரங்களில் கட்டடங்கள் வீதி மட்டத்திலிருந்து மேலே எழும்புவதைப் போலவே சரிவைப் பிடித்துக் கீழேயும் இறங்குகின்றன. ஹட்டன் கடைவீதியில் நான் மேற்பார்வை செய்த தங்கும் விடுதியும் அப்படிப்பட்டதுதான். வீதியிலிருந்து நுழைந்தால் வரவேற்பு மண்டபம், அதற்குக் கீழே மூன்று தட்டுகளில் அறைகள். கடைசித் தட்டுக்குத் தரை ஓடு பதிப்பதற்காக 96 பெட்டி டைல்ஸ் லொறியில் வந்து இறங்கவிருந்த வேளையில், விடுதியின் மின்தூக்கியில் ஒரு நடைக்கு எத்தனை பெட்டி ஏற்றலாம் என்ற கேள்விக்கு அங்கிருந்த எவரிடமும் விடை இருக்கவில்லை. உள்ளே பொருத்தப்பட்டிருந்த பலகையில் "8 பேர்" என்பது மட்டுமே தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் கிலோகிராம் கணக்கு இருந்திருக்க வேண்டிய இடம் வருடக்கணக்கில் துடைத்துத் துடைத்தே வழவழப்பாகிவிட்டிருந்தது.

இதே நிலையில் நிற்பவர்கள், நான் பலரிடம் அலைந்து திரட்டியதை ஓரிடத்தில் படித்துக்கொள்ளட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். இது ஆட்கள் ஏறும் சாதாரண மின்தூக்கிகளைப் பற்றியது. சாமான் ஏற்றுவதற்கென்றே அமைக்கப்பட்டவற்றின் பலகையில் கிலோகிராம்தான் முதன்மையாக எழுதப்பட்டிருக்கும் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

1. பலகை முழுவதையும் வாசியுங்கள்

பலகையைக் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் படமெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத பொறித்த எழுத்துகளின் பள்ளங்கள் நிழலாக விழுந்து தெரியும். உங்களுக்கு வேண்டியவை நான்கு: கிலோகிராம் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, தயாரித்தவரின் பெயரோ நாடோ, பொருத்திய ஆண்டு. ஏதாவது தரநியம எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிலோகிராம் தெளிவாக இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது, பெருக்கல் எதுவும் வேண்டாம். "8 பேர், 630 கிலோ" என்று இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு, 8ஐ 75ஆல் பெருக்கினால் 600தானே வருகிறது, எது சரி என்று குழம்புபவர்கள் உண்டு. 630தான் சரி. ஏனெனில் கிலோவே அடிப்படை. ஆட்களின் எண்ணிக்கை அதிலிருந்து வகுத்துப் பெறப்பட்டது. 630ஐ 75ஆல் வகுத்தால் 8.4 வரும். ஒருவரை நாலில் ஒரு பங்காகவோ பாதியாகவோ ஏற்ற முடியாது என்பதால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிட்டு 8 என்று எழுதுகிறார்கள்.

மிகப் பழைய கட்டடங்களில் எண் இறாத்தலில் இருக்கலாம். 1200 என்று கண்டதும் கிலோ என்று எண்ணிவிட வேண்டாம். 1200 இறாத்தல் என்பது ஏறத்தாழ 544 கிலோ மட்டுமே.

2. பெருக்குவதற்கு முன் கோப்பைத் தேடுங்கள்

கிலோ தெரியாவிட்டால் உடனே கணக்குப் போடத் தோன்றும். அதற்கு முன் உரிமையாளரிடமோ கணக்கரிடமோ மூன்று தாள்களைக் கேளுங்கள். முதலாவது, மின்தூக்கி பொருத்தப்பட்டபோது கொடுக்கப்பட்ட ஒப்படைப்புச் சான்றும் சோதனை அறிக்கையும். இரண்டாவது, வாங்குவதற்கு முன் பெற்ற விலைமனு. அதில் தாங்கும் பாரமும் ஆட்களின் எண்ணிக்கையும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது, பராமரிப்பு ஒப்பந்தம் அல்லது சேவைக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் கையொப்பம் வாங்கிக்கொண்டு விட்டுச்செல்லும் தாள். என் அனுபவத்தில் விலைமனுவே எளிதில் அகப்படுவது. காசு கொடுத்த தாளை எவரும் தொலைப்பதில்லை, சான்றிதழைத்தான் தொலைக்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தாள் கிடைக்காதபோது, சேவைக்கு வரும் மெக்கானிக்கிடம் இயந்திர அறையிலுள்ள தகடுகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்வோம். (நீங்களாக அந்த அறைக்குள் போகாதீர்கள், அது சுழலும் இயந்திரமும் மின்சாரமும் உள்ள இடம்.) வரும் படங்களில் கிலோ என்று ஓர் எண் கண்ணில் படும். ஆனால் மோட்டாரின் தகட்டிலுள்ள கிலோ பெரும்பாலும் அந்த இயந்திரத்தின் சொந்த எடையாக இருக்கும். அதைப் போலவே, ஆட்கள் ஏறி நிற்கும் மின்தூக்கிப் பெட்டிக்கு அடியிலுள்ள பாதுகாப்புப் பிடியின் தகட்டில் P+Q என்று ஓர் எண் இருக்கலாம். அது வெற்றுப் பெட்டியின் எடையும் ஏற்றக்கூடிய பாரமும் சேர்ந்த தொகையைக் குறிப்பது என்பதால், நாம் தேடும் எண்ணைவிட மிகப் பெரிதாக இருக்கும். நமக்கு வேண்டியது Q மட்டும். எந்தத் தகட்டின் எண் என்று மெக்கானிக் எழுதித் தராத எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. ஒருவருக்கு எத்தனை கிலோ என்பதைத் தீர்மானியுங்கள்

தாளும் இல்லை, தகடும் உதவவில்லை என்றால்தான் பெருக்கல். ஒருவரின் எடை என்று எல்லா நாடுகளும் ஒரே எண்ணைக் கொள்வதில்லை. EN 81 எனப்படும் ஐரோப்பியத் தரநியமத்திலும் அதைப் பின்பற்றும் சீனத் தரநியமத்திலும் ஒருவருக்கு 75 கிலோ. இந்தியாவில் நெடுங்காலம் வழங்கிய முறையில் 68 கிலோ. ஜப்பானிய முறையில் 65 கிலோ.

ஆகவே "8 பேர்" என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் மூன்று வேறு மின்தூக்கிகள் நிற்கலாம். ஐரோப்பிய அல்லது சீன மின்தூக்கியானால் பெரும்பாலும் 630 கிலோ, இந்தியாவினதானால் 544 கிலோ, ஜப்பானியதானால் 550 கிலோ. 544க்கும் 630க்கும் இடையிலுள்ள 86 கிலோ என்பது, ஒரு மூட்டை சீமெந்தோடு இன்னொரு மூட்டையின் பெரும்பகுதியையும் ஏற்றலாமா கூடாதா என்ற வேறுபாடு.

தயாரித்த நாடு உறுதியாகத் தெரிந்தால் அந்த நாட்டின் எண்ணால் பெருக்குங்கள். தெரியாவிட்டால் 65ஆல் பெருக்குங்கள். பெருக்கி வருவது மின்தூக்கியின் உண்மையான பாரம் அல்ல, அது எவ்வளவுக்குக் குறையாது என்பதற்கான கீழ் எல்லை மட்டுமே. பலகையின் எண் மேற்சொன்னபடி கீழ்நோக்கி முழுமையாக்கப்பட்டது என்பதால், திருப்பிப் பெருக்கினால் உண்மையான அளவுக்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோதான் வரும். நம் விடுதியின் கீழ் எல்லை 8 × 65 = 520 கிலோ.

பெட்டியின் நீள அகலத்தை அளந்து, அந்தப் பரப்பிலிருந்து கிலோவைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தரநியமத்தில் பாரத்துக்கும் பரப்புக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 630 கிலோவுக்குப் பெட்டித் தரையின் பரப்பு 1.66 சதுர மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்பது EN 81இன் விதி. ஆனால் உங்கள் மின்தூக்கி அந்த விதிப்படிதான் செய்யப்பட்டதா என்பதே தெரியாத நிலையில் பரப்பை வைத்துப் பாரத்தை உயர்த்திக்கொள்வது தவறு. பலகையில் 6 பேர் என்று இருக்க, உள்ளே தாராளமாகப் பத்துப் பேர் நிற்கலாம் போலிருந்தால் மட்டும் அளந்து பாருங்கள். அப்போது சந்தேகிக்க வேண்டியது பலகையை.

4. பிறகு சேர்க்கப்பட்ட எடையைக் கழியுங்கள்

எவரும் சொல்லித்தராத படி இது. மின்தூக்கி பொருத்தப்பட்ட பிறகு பெட்டிக்குள் அழகுக்காகச் சேர்த்த ஒவ்வொன்றும் ஏற்றக்கூடிய பாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. எங்கள் விடுதியில் ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள கருங்கல் பலகை பதித்திருந்தார்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தால், பழைய தரைமட்டத்துக்கு மேலே அந்தக் கல்லின் விளிம்பு ஏறி நிற்பது தெரியும்.

அதன் எடையைக் கணக்கிடுவது எளிது. கருங்கல் ஒரு கன மீற்றருக்குச் சுமார் 2,700 கிலோ. எனவே 20 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் 54 கிலோ. பெட்டியின் தரை 1.1 மீற்றருக்கு 1.4 மீற்றர், அதாவது 1.54 சதுர மீற்றர். கல்லின் எடை சுமார் 83 கிலோ. எவரும் ஏறுவதற்கு முன்பே ஒருவருக்கு மேற்பட்ட பாரம் உள்ளே நிரந்தரமாகக் குடியிருக்கிறது. கண்ணாடி, மரப்பலகைச் சுவர் போன்றவற்றுக்கும் இதே முறையில் கணக்கிடலாம்; சாளரக் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு 2.5 கிலோ.

ஒப்படைத்த நாளிலேயே அந்தக் கல் இருந்திருந்தால் இதைக் கழிக்க வேண்டியதில்லை, தயாரிப்பாளர் அதைப் பெட்டியின் எடையில் சேர்த்திருப்பார். பிறகு பதித்ததா என்பதை விலைமனுவில் "தரை" என்ற வரியைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

5. ஏறுபவர்களுக்கு 65 போடாதீர்கள்

மின்தூக்கி எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும்போது சிறிய எண்ணை எடுத்தோம். பெட்டிக்குள் நிற்கப்போகும் வேலையாளின் எடையைக் கழிக்கும்போது பெரிய எண்ணை, அதாவது 75ஐ எடுக்க வேண்டும். இரண்டிலும் எச்சரிக்கை ஒரே பக்கமாக நிற்பதற்காகவே இப்படி. ஆள் பருமனானவர் என்றால் அவருடைய உண்மையான எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியின் எடையையும் விட்டுவிடக் கூடாது. இரும்புத் தட்டுள்ள நான்கு சில்லு வண்டி சாதாரணமாகத் தெரிந்தாலும், எடைத் தராசில் வைத்தபோது எங்களுடையது 25 கிலோ காட்டியது.

6. சாமானை எண்ணுங்கள்: எங்கள் கணக்கு

டைல்ஸ் பெட்டியின் பக்கத்தில் மொத்த எடை அச்சிடப்பட்டிருக்கும். எங்களுடையதில் 30 கிலோ. இரண்டு வகை எடை அச்சிடப்பட்டிருந்தால் பெட்டியோடு சேர்ந்த எடையை எடுக்க வேண்டும்.

```
கீழ் எல்லை        8 × 65  =  520
கருங்கல் தரை               −  83
தள்ளுவண்டி                −  25
ஒரு வேலையாள்            −  75
மீதி                         = 337
337 ÷ 30 = 11.2  →  11 பெட்டி
```

ஒரு நடைக்கு 11 பெட்டி என்றால் 96 பெட்டிக்கு 9 நடை. 11 பெட்டி வண்டியில் முழங்கால் உயரத்துக்குக்கூட வராது, மின்தூக்கிக்குள் பாதி இடம் காலியாகவே இருக்கும். டைல்ஸ், சீமெந்து, புத்தகக் கட்டு, கடதாசி றீம் ஆகியவற்றில் சிக்கலே இதுதான்: இடம் நிறைவதற்கு வெகு முன்பே பாரம் நிறைந்துவிடும்.

எங்களிடம் வந்த வேலையாட்கள் ஒரு நடைக்கு 20 பெட்டி என்று திட்டமிட்டிருந்தார்கள். "பெல் அடிக்கலைன்னா லிப்ட் தாங்குதுன்னுதாண்ணே அர்த்தம். அதுவும் கீழதானே போகுது, என்னா பாரம்?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். அந்தக் கேள்வியில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன, இரண்டும் பரவலானவை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மணியைப் பற்றி முதலில். அதிபார எச்சரிக்கை, பலகையிலுள்ள அளவைத் தொட்டவுடன் ஒலிக்கும் கருவி அல்ல. EN 81இன்படி, அளவுக்கு மேல் 10 சதவீதம் ஏறுவதற்குள், சிறிய மின்தூக்கியானால் 75 கிலோ ஏறுவதற்குள், அது ஒலித்தால் போதுமானது. பின்னர் தெரியவந்தபடி எங்களுடையது 630 கிலோ மின்தூக்கி; அதில் 705 கிலோ வரை மணி மௌனமாக இருக்க விதி இடங்கொடுக்கிறது. மேலும், கருங்கல் பதித்த பிறகு எவராவது பார உணரியை மறுபடி பூச்சியத்தில் வைத்திருந்தால், அந்த 83 கிலோ அதன் கண்ணுக்கே தெரியாது. 20 பெட்டியும் வண்டியும் ஒருவரும் 700 கிலோ. மணி ஒலிக்காமலே கதவு மூடிக்கொள்ளக்கூடும். கல்லையும் சேர்த்தால் உண்மையில் அது 783 கிலோ.

அடுத்தது, கீழே போவது. கம்பிவடத்தில் தொங்கும் மின்தூக்கியில் பெட்டியின் மறுபக்கம் எதிர்எடை ஒன்று இருக்கிறது. அது வெற்றுப் பெட்டியின் எடையோடு, ஏற்றக்கூடிய பாரத்தில் ஏறத்தாழப் பாதியையும் ஈடுசெய்யுமாறு அமைக்கப்பட்டிருக்கும். முழுப் பாரத்தோடு இறங்கும்போது பெட்டி எதிர்எடையைவிடக் கனமாகி இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது பிறேக். மின்தூக்கியைச் சோதிக்கும்போது பிறேக்கை அளவின் 125 சதவீதப் பாரத்தோடு கீழ்நோக்கி ஓடவிட்டு நிறுத்திப் பார்ப்பது இதனால்தான். 630இன் 125 சதவீதம் 787.5. அவர்கள் ஏற்றவிருந்தது, ஆளில்லாமல் தொழில்நுட்பர்கள் செய்யும் ஒரு சோதனையின் பாரத்துக்கு வெறும் 4 கிலோ குறைவு, அதுவும் உள்ளே ஓர் ஆளோடு. வீதிக்குக் கீழே தட்டுகள் இறங்கும் நம் ஊர்க் கட்டடங்களில் சாமான் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம் என்பதால் இதை வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதிபாரம் ஏறுகிறது என்பதை மணி இல்லாமலும் கண்டுகொள்ளலாம். வண்டியைத் தள்ளி ஏற்றும்போது பெட்டியின் தரை வாசற்படி மட்டத்திலிருந்து விரலளவு தாழ்ந்துவிட்டு மெல்லச் சரிசெய்துகொள்வதும், தட்டில் நிற்கும்போது மட்டம் தவறி நிற்பதும் அடையாளங்கள். ஒருமுறை கண்டாலே அந்த நடையைப் பாதியாக்கி, மெக்கானிக்குக்குத் தெரிவிக்க வேண்டும்.

பிரிக்க முடியாத ஒற்றைப் பாரம், உதாரணமாக இரும்புப் பெட்டகமோ மின்பிறப்பாக்கியோ இருந்தால் இந்தக் கணக்கு மட்டும் போதாது. சில்லுகள் வாசற்படியைக் கடக்கும் கணத்தில் பாரத்தின் பாதி அந்த ஒற்றை விளிம்பில் விழுகிறது. ஆட்கள் ஏறும் மின்தூக்கியின் பெட்டி ஓடும் தண்டவாளங்களை வடிவமைக்கும்போது, படியில் விழும் பாரம் மொத்த அளவில் 40 சதவீதம் என்றே கொள்கிறார்கள். அப்படிப்பட்ட சாமானுக்குப் பராமரிப்பு நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

7. கடிதம், செலவு, நேரம்

65ஆல் பெருக்கிய கணக்கு அவசரத்துக்கானது. வேலை பல நாள் நீளும் என்றால், பராமரிப்பு நிறுவனத்திடம் கடிதம் கேளுங்கள். கடிதத்தில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதினால் போதும்: இந்த இலக்கமுள்ள மின்தூக்கியின் தாங்கும் பாரம் எத்தனை கிலோ, ஒப்படைத்த பின் பெட்டியில் சேர்க்கப்பட்டவை எதிர்எடையிலும் பார உணரியிலும் சரிசெய்யப்பட்டனவா, தற்போது ஏற்றக்கூடியது எத்தனை கிலோ. தொலைபேசியில் "அது எட்டுப் பேர்தான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். அது பலகையிலேயே இருக்கிறது, நமக்கு வேண்டியது கையொப்பமிட்ட கிலோ.

நிறுவனங்களின் அலுவலகங்கள் பெரும்பாலும் கொழும்பில் இருப்பதால், மலைக்கு மெக்கானிக் ஏறி வரும் நாளைப் பார்த்துக் கேட்பதே சிக்கனம். மாதாந்தச் சேவையோடு சேர்த்துக் கேட்டால் தனிப் பயணச் செலவு விழாது. தனியாக அழைத்தால் போக்குவரத்தையும் சேர்த்துக் கேட்பார்கள் என்பதால், கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டைல்ஸுக்குக் கட்டளை கொடுக்கும் நாளிலேயே கடிதத்தையும் அனுப்பிவிட வேண்டும். சாமான் வந்த பிறகு கேட்டால், பதில் வரும் வரை மேசன் பாஸின் நாட்கூலி ஓடிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு வந்த பதில், தாங்கும் பாரம் 630 கிலோ, கருங்கல்லுக்காக எதுவும் சரிசெய்யப்படவில்லை, ஆகவே 545 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது. வண்டியையும் ஆளையும் கழித்தால் மீதி 445. ஒரு நடைக்கு 14 பெட்டி. 9 நடை 7 ஆகக் குறைந்தது. இரண்டு நடை மிச்சம் பெரிதல்லவே என்று தோன்றலாம், ஆனால் டைல்ஸுக்குப் பின்னால் சீமெந்தும் மணலும் வரவிருந்தன. கடைவீதியில் லொறியை நெடுநேரம் நிறுத்திவைக்க இடமும் இல்லை.

8. பலகையை மாற்றுங்கள்

கடிதம் கைக்கு வந்ததும் புதிய பலகைக்குச் சொல்லிவிடுங்கள். பராமரிப்பு நிறுவனமே கொடுக்கும். நீங்கள் வெளியில் செய்விப்பதானால் அவர்களின் ஒப்புதலோடு செய்யுங்கள். கிலோவும் ஆட்களின் எண்ணிக்கையும் இரண்டுமே இருக்க வேண்டும். எண்கள் குறைந்தது 10 மில்லிமீற்றர் உயரம் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் வேண்டாம், துடைக்கத் துடைக்க மறையாத பொறித்த எழுத்தாக இருக்கட்டும். எங்களைப் போல் கருங்கல்லைக் கழித்துக் குறைந்த பாரம் நிர்ணயிக்கப்பட்டிருந்தால், ஆட்களின் எண்ணிக்கையையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். 545ஐ 75ஆல் வகுத்தால் 7.27, எனவே புதிய பலகையில் 7 பேர், 545 கிலோ.